இரண்டாவது படம்

வெஸ்லினுக்குத் துக்கம் விசாரிக்க வராது. சாவு வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, பார்ப்பவர்களுக்குச் சிரிப்பதுபோலத் தெரியும். சர்ச் செயலாளர் இறந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அவர் மகனிடம் போய், வேறு எதுவும் தோன்றாமல், "அப்புறம், எல்லாம் நல்லா போய்ட்டிருக்கா?" என்று கேட்டவன் அவன். அன்றிலிருந்து அவன் அம்மா இந்த மாதிரி இடங்களுக்கு அவனை வண்டி ஓட்டுவதற்கு மட்டும்தான் அழைத்துப் போகிறாள். வாசலோடு சரி.

சாவு வீட்டுக்காவது ஒரு முறை இருக்கிறது. மாலை வாங்கலாம், நாற்காலி இறக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலாவது நீட்டலாம். வேலை போனவன் வீட்டுக்கு எப்படிப் போவது? என்ன வாங்கிக்கொண்டு போவது? ஆப்பிளா?

எபினேசருக்கு வேலை போனது தெரிந்ததும் வெஸ்லின் இப்படித்தான் யோசித்து யோசித்து நாளைக் கடத்தினான். இருவரும் சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் நின்றவர்கள். ஒரே சட்டை நிறம், ஒரே கேன்டீன் சாம்பார். மூன்று வருடத்துக்கு முன் வெஸ்லின் வேலையை விட்டுவிட்டு, இன்ஸ்டாகிராமில் 'மூணாம் ஷிப்ட்' என்று ஒரு பக்கம் ஆரம்பித்தான். ஓசூர் தொழிற்சாலைக்காரர்களைப் பற்றிய கிண்டல்தான் சரக்கு. லேட்டாக வரும் கம்பெனி பஸ், சூப்பர்வைசரின் தொப்பை, கேன்டீன் இட்லியை வைத்துச் சுவர் கட்டலாம் என்கிற ரகம். ஓரளவுக்கு விளம்பரமும் வந்தது. எபினேசர் லைனிலேயே இருந்தான். இப்போது அந்த லைனையே மூடிவிட்டார்கள்.

கடைசியில் வெஸ்லின் போன் செய்தான். எபினேசர் "சொல்றா" என்றான். அந்த ஒரு சொல்லில் இருந்த களைப்பைக் கேட்டதும் வெஸ்லினுக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் அவன் வாய் நிற்காது.

"விடு மச்சான். வேலை போனதும் நல்லதுக்குத்தான். என்னப் பாரு, வெளிய வந்ததாலதான நிம்மதியா இருக்கேன்? நீயும் இனிமே ராஜா மாதிரி காலைல எந்திரிச்சு..."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அது அடங்கியதும்தான் எபினேசர் வாய் திறந்தான்.

"சரிடா, வெக்கிறேன்" என்றான். வைத்தும்விட்டான்.

அன்று முழுக்க வெஸ்லினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் சொன்னது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது. அவன் வேலையை விட்டவன், எபினேசர் துரத்தப்பட்டவன். இரண்டையும் ஒன்றாக்கி ராஜா கதை வேறு. உடனே திரும்பக் கூப்பிட்டு, "தப்பா பேசிட்டேன்டா" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெஸ்லினுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் போஸ்ட் போடுவான்.

*

பாகலூர் ரோட்டில் ஒரு பேக்கரிக்கு மேலே அவனுடைய ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஓர் அறை, இரண்டு மேசை, கீழேயிருந்து ஏறி வரும் பன் வாசனை. டிசைன் செய்வது யுவஸ்ரீ. சேலத்துப் பெண். சம்பளம் கொடுப்பவன் என்ற மரியாதையை அவனுக்கு "அண்ணா" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டவள்.

"வேலை போனவங்ககிட்ட என்ன சொல்லக் கூடாதுன்னு ஒரு கரோசல் பண்ணலாம்" என்றான் வெஸ்லின். ஒரே பதிவில் பத்துப் படங்கள். பார்ப்பவர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் கரோசல் என்று பெயர். "சீரியஸா. மனசத் தொடற மாதிரி."

"நம்ம பேஜ்லயா?" என்றாள் யுவஸ்ரீ. "நேத்துதான் இட்லிய கல்லுன்னு போட்டோம்."

"அதனாலதான். எல்லாருக்கும் ஒரு அதிர்ச்சி இருக்கணும்."

முதல் படத்தில் 'வேலை போனவரிடம் நாம் சொல்வது' என்று தலைப்பு. இரண்டாவது படத்தில், மஞ்சள் பின்னணியில், கட்டை எழுத்தில்: 'வேலை போனதும் நல்லதுக்குத்தான்!' மூன்றாவதில்தான், 'இப்படிச் சொல்லாதீர்கள். அவருக்கு வலிக்கும்.' பிறகு ஏன் வலிக்கும், வேறு என்ன செய்யலாம் என்று போகும். எல்லாப் படத்தின் மூலையிலும் பக்கத்தின் சின்னமான பல்லிளிக்கும் டிபன் பாக்ஸ். கடைசிப் படம் வழக்கம்போல நசருல்லா பாயின் பிரியாணிக் கடை விளம்பரம். மாதக் கணக்கு ஒப்பந்தம், எந்தப் பதிவானாலும் அது வந்தே தீரும்.

யுவஸ்ரீ இரண்டாவது படத்தில் அந்த வாக்கியத்தின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"இத எடுத்துரு" என்றான் வெஸ்லின்.

"அண்ணா, அது இல்லன்னா நாமளே சொல்ற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். அப்பதான் கோவம் வந்து அடுத்த படத்துக்குத் தள்ளுவாங்க. ரெண்டாவது படத்துல குத்து வைக்கணும், மூணாவதுல மருந்து போடணும். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடமே அதானே?"

அவள் அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு, குறியை எடுத்தாள்.

அந்த வாக்கியம் எங்கேயிருந்து வந்தது என்று அவன் அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் ஷிப்ட் விடும் நேரம் பார்த்துப் போட்டார்கள். ராத்திரிக்குள் அந்தப் பக்கத்தின் வரலாற்றிலேயே அதிகம் பகிரப்பட்ட பதிவாக அது ஆனது. 'கண்ணு கலங்கிருச்சு குரு' என்று ஒருவர் எழுதியிருந்தார். வெஸ்லின் அதை நாலு தடவை படித்தான். எபினேசரிடம் தான் பட்ட கடன் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தான். அன்றைக்கு நன்றாகத் தூங்கவும் செய்தான்.

*

மறுநாள் மத்தியானம் ஃபெபா கூப்பிட்டாள். எபினேசரின் மனைவி. ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பின்னணியில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

"வெஸ்லின் அண்ணா, ஒன்னு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு உங்களுக்கு என்ன பண்ணாரு?"

"என்னம்மா ஆச்சு?"

"போன்ல சொன்னீங்க. சரி, ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாருன்னு நான்தான் அவர சமாதானம் பண்ணேன். அதையே இவ்ளோ பெருசா எழுதி ஊரெல்லாம் காட்டறீங்களே, பல்லக் காட்டற பொம்மை வேற."

வெஸ்லினுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவசரமாகச் சிரித்தே விட்டான். "ஐயோ, இல்லம்மா! அது அப்படிச் சொல்லக் கூடாதுங்கற போஸ்ட். அடுத்த படத்தப் பாத்தீங்கன்னா..."

"அடுத்த படமா?"

"தள்ளணும்மா. விரலால இப்படித் தள்ளினா..."

"அண்ணா." ஃபெபாவின் குரல் இறங்கியது. "காலைல அவரு தட்டுல சோறு போட்டு, ஒரு கையில போனப் பாத்துட்டு இருந்தாரு. இது வந்துச்சு. தள்ளல. கையக் கழுவிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. நீங்க எப்ப தள்ளச் சொல்வீங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

மணி அடித்தது. பிள்ளைகளைப் பார்க்க அவள் போய்விட்டாள்.

"முதல் படத்துல தலைப்பு இருக்கே" என்றான் வெஸ்லின், அணைந்துபோன போனைப் பார்த்து. "அதப் பாக்காம எப்படி?"

யுவஸ்ரீ நாற்காலியைத் திருப்பினாள். "அண்ணா, முதல் படத்த நேத்தே தாண்டிப் போயிருப்பாரு. தள்ளாமப் போனா, அடுத்த தடவ திறக்கறப்ப அதே போஸ்ட்டோட ரெண்டாவது படத்த இன்ஸ்டாகிராம் காட்டும். எல்லாருக்கும் இல்ல, நெறைய பேருக்கு."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அதனாலதான ரெண்டாவதுல குத்து வைக்கச் சொல்வீங்க?"

கேன்டீன் சாம்பார் கிண்டலுக்கு அந்த வித்தை எவ்வளவு அழகாக வேலை செய்தது! முதல் படத்தைத் தாண்டிப் போனவனையும் மறுநாள் விரட்டிப் பிடித்துச் சிரிக்க வைத்தது. அதே வித்தை இன்று எபினேசரை அவன் வீட்டுத் தட்டுவரை விரட்டிப் போய்க் குத்திவிட்டு வந்திருக்கிறது. மருந்து மூன்றாவது படத்திலேயே பத்திரமாக இருந்தது.

"அந்தக் குறிய இப்பப் போட முடியுமா?"

"போட்ட படத்த மாத்த முடியாது. கீழ எழுதினத மாத்தலாம், இல்ல போஸ்ட்டையே எடுக்கலாம்."

அவன் போனை எடுத்தான். பகிர்வுகளின் எண்ணிக்கை காலையில் பார்த்ததைவிட இன்னும் ஏறியிருந்தது. விரல், பதிவை நீக்கும் பொத்தானுக்கு மேல் நின்றது. நின்றது என்பதுதான் விஷயம். ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அவன் யோசித்தது எபினேசரைப் பற்றி இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது. யுவஸ்ரீயும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ரொம்ப நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீக்கினான்.

"நாளைக்கு என்ன போகுது?" என்று கேட்டான்.

"முன்னாடியே ஷெட்யூல் பண்ணி வச்சதா? 'தினமும் லீவு கெடச்சா எப்படி இருக்கும்'னு ஒரு மீம்."

"ஐயோ. எல்லாத்தையும் நிறுத்து."

அதற்குள் நசருல்லா பாய் கூப்பிட்டுவிட்டார். "தம்பி, நம்ம கடைக்கு டெய்லி சாப்பிட வர்ற பையங்களே பாதிப் பேரு அந்தக் கம்பெனி. அவங்க அழுவற எடத்துல என் பிரியாணிய வச்சிருக்கியே. என்னான்னு நெனப்பாங்க? எழவு வீட்டு வாசல்ல கடை போட்ட மாதிரி இல்ல?"

"எடுத்துட்டேன் பாய்."

"எடுத்தியா? அடுத்து இந்த மாதிரி போட்டா என் பேரு வேணாம். அதுக்காக மாசக் காசுல கழிக்கவும் வேணாம், விடு." வைக்கப் போனவர், "அந்த எபினேசரு நாலஞ்சு நாளா வரல. பாத்தா வரச் சொல்லு. இல்ல... வேணாம். நீ ஒன்னும் சொல்லாத" என்று வைத்தார்.

பிரியாணிக் கடைக்காரருக்கு இருக்கிற நிதானம்கூடத் தனக்கு இல்லை என்று வெஸ்லின் தன்னைத் திட்டிக்கொண்டே படியிறங்கினான்.

*

மத்திகிரியில் கால்நடைப் பண்ணையின் வேலியை ஒட்டி உள்ளே போனால், வரிசையாக வாடகை வீடுகள். எபினேசர் வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தான். பைக் ஏற்கெனவே பளபளத்தது. வெஸ்லினைப் பார்த்தும் துணியை நிறுத்தவில்லை.

"மச்சான், அது வந்து... இன்ஸ்டாகிராம் என்ன பண்ணுதுன்னா, முதல் படத்தத் தள்ளாமப் போனா, ரெண்டாவது..."

"பாடம் எடுக்கவா இவ்ளோ தூரம் வந்த?"

வெஸ்லின் வாயை மூடினான்.

"முழுசாப் பாத்தேன்டா" என்றான் எபினேசர். "ஃபெபா உன்கிட்டப் பேசிட்டு எனக்குப் போன் பண்ணிச் சொன்னா. எடுத்துட்ட போல, ஆனா நம்ம லைன் குரூப்ல எவனோ எல்லாத்தையும் போட்டிருந்தான். பத்துப் படமும் பாத்தேன். பிரியாணி வரைக்கும்."

"சாரிடா."

"நல்லாத்தான் எழுதியிருந்த. அப்படிச் சொல்லக் கூடாது, வலிக்கும்னு." துணியைப் பிழிந்தான். "அப்ப, என்கிட்டச் சொன்னது தப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. இல்ல?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சதும் யாருக்குச் சொன்ன? ஊருக்கெல்லாம் சொன்ன. எவன் எவனுக்கோ சொன்ன. ஆபீஸ்லருந்து இங்க வர எவ்ளோ நேரம் ஆச்சு உனக்கு?"

வெஸ்லினிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கும். பதில் இல்லாவிட்டால் ஒரு ஜோக் இருக்கும். இப்போது இரண்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஒன்று கத்தியது. மற்ற நாளாக இருந்தால் அதை வைத்தே ஒன்று ஒப்பேற்றியிருப்பான்.

"உனக்கு என்ன சொல்லியிருக்கணும் நான்? நீ என்ன எதிர்பார்த்த?" என்று கேட்டான்.

எபினேசர் தலையைத் தூக்கி அவனை உற்றுப் பார்த்தான். "இதையும் எழுதப் போறியா?"

வெஸ்லினின் முகம் எரிந்தது. ஏனென்றால், கேள்வி வாயிலிருந்து வரும்போதே, அதன் பதில் ஒரு நல்ல முதல் படமாக இருக்கும் என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்குப் போட்டிருந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, உள்ளே போய், டிவிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான். வாசற்படியில் உட்கார்ந்தான்.

எபினேசரும் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"திங்கக்கெழம பழக்கத்துல எந்திரிச்சுட்டேன்" என்றான் எபினேசர். "குளிச்சு, சட்ட போட்டு, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டேன். எதுக்குப் போனேன்னு தெரியல. கம்பெனி பஸ் வந்துச்சு. டிரைவருக்கும் பழக்கம், என்னப் பாத்ததும் ஸ்லோ பண்ணி நிறுத்திட்டாரு. கதவத் திறந்துட்டாரு. அப்புறம்தான் அவருக்கே ஞாபகம் வந்துச்சு. மூடவும் முடியல, பாவம். எவ்ளோ நேரம் திறந்தே வச்சிருந்தாரு தெரியுமா? பின்னாடி இருக்கவன் ஆரன் அடிக்கறான். நான்தான், 'போங்கண்ணா'ன்னு கை காட்டினேன்."

பஸ், லேட், டிரைவர் என்று வெஸ்லினின் நாக்கு நுனியில் மூன்று ஜோக்குகள் வந்து நின்றன. மூன்றையும் விழுங்கினான்.

"செவ்வாக்கெழம கணக்கு முடிச்சுக் கையெழுத்து வாங்கறாங்க" என்றான் எபினேசர், பைக்கைப் பார்த்தபடியே. "கம்பெனி கேட்டு வழியா உள்ள போகணும்."

"வரட்டுமா?"

"உன்னிஷ்டம்."

*

மறுபடியும் ஒரு கரோசல் போட வேண்டும் என்று சொன்னது யுவஸ்ரீதான். "எடுத்துட்டு அப்படியே விட்டா, அத மட்டும் பாத்தவங்களுக்கு நாம என்ன பதில் சொல்றோம்?"

இந்த முறை விதி ஒன்றே ஒன்று. எந்தப் படத்தை மட்டும் ஒருவர் பார்க்க நேர்ந்தாலும், அது அவரைக் குத்தக் கூடாது. டிபன் பாக்ஸ் இல்லை. மஞ்சள் இல்லை, மங்கின சாம்பல் நிறம். 'தள்ளிப் பாருங்கள்' என்ற அம்புக்குறி இல்லை. 'உங்கள் அனுபவத்தைக் கமென்ட்டில் சொல்லுங்கள்' இல்லை. பிரியாணியும் இல்லை.

முதல் படம்: 'இது வேலை போனதைப் பற்றி. இப்போது படிக்க வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள்.'

இரண்டாவது: 'உங்களிடம் என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல போன பதிவில் பேசிவிட்டோம். மன்னியுங்கள்.'

மூன்றாவது: 'கோபமாக இருக்கலாம். ஒன்றுமே தோன்றாமலும் இருக்கலாம். யாருக்காகவும் தைரியமாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.'

அதற்குப் பிறகுதான், அதுவும் இரண்டே படங்களில், உபயோகமான விஷயம்: கணக்கு முடிக்கும் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம், ஒரு நகல் கேட்டு வாங்குங்கள். இ.எஸ்.ஐ. கட்டியிருந்தால் வேலையில்லாத காலத்துக்கு உதவித்தொகை உங்களுக்குப் பொருந்துமா என்று கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள். யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால், எந்த நேரமும் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை.

கடைசிப் படத்துக்கு வெஸ்லின் 'இதுவும் மாறும், விடியும்' என்று அடித்தான்.

"விடியும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் யுவஸ்ரீ.

"பொதுவா விடியுமே."

"அத அவங்க வீட்டு வாசல்ல நின்னு சொல்வீங்களா?"

அவன் அழித்தான். கடைசிப் படமே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பதிவு ஐந்தாவது படத்தோடு அப்படியே நின்றது.

"அண்ணா, நெஜமா நடந்தது ஒன்னு இருந்தா நல்லாருக்கும். அவங்கள்ல யாராவது எதாவது சொன்னாங்களா?"

பஸ் கதவு திறந்தே நின்றது வெஸ்லினின் கண்ணுக்குள் வந்தது. அதைவிட நல்ல படம் இந்தப் பக்கத்துக்கு இனி எப்போதும் கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

"இல்ல" என்றான். "ஒன்னும் சொல்லல."

*

செவ்வாய்க்கிழமை கம்பெனி கேட்டுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பழைய முகங்கள் சின்னச் சின்னக் கூட்டமாக நின்றன. யாரும் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. உள்ளே கூப்பிட இன்னும் நேரம் இருந்தது.

"நேத்துப் போட்டதப் பாத்தேன்" என்றான் எபினேசர். "எனக்கு மறுபடியும் ரெண்டாவது படம்தான் வந்துச்சு."

வெஸ்லின் டீ கிளாஸை இறுக்கிப் பிடித்தான்.

"என்ன சொல்றதுன்னு தெரியலன்னு போட்டிருந்த."

"ஆமா."

"அது சரிதான்." அவ்வளவுதான் சொன்னான். மன்னித்தானா இல்லையா என்பது அதில் இல்லை. வெஸ்லினும் கேட்கவில்லை, கேட்டால், இல்லை என்று வரலாம்.

கேட்டின் சின்னக் கதவு திறந்தது. செக்யூரிட்டி கையில் ஒரு தாளோடு எட்டிப் பார்த்தார். அங்கங்கே நின்றவர்கள் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்கள். எபினேசர் எழவில்லை. முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"டே. எதாவது சொல்லுடா" என்றான். "உன் வாயிதான் சும்மாவே இருக்காதே. நீ கடிக்கறதக் கேட்டுட்டே உள்ள போயிருவேன்."

வெஸ்லின் தேடினான். செக்யூரிட்டியின் மீசை இருந்தது. டீயின் நிறம் இருந்தது. அந்த கேட்டைப் பற்றியே வருடக்கணக்கில் போட்ட கிண்டல்கள் இருந்தன. ஒன்றையும் எடுக்க முடியவில்லை.

"ஒன்னும் வரல மச்சான்."

எபினேசர் தலையாட்டினான். கையிலிருந்த டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"சரி, வா" என்றான்.

வெஸ்லின் கேட்வரை கூட நடந்தான். அதற்கு மேல் அவனை விட மாட்டார்கள். சின்னக் கதவு எபினேசருக்குப் பின்னால் மூடிக்கொண்டது. பாதி டீயை யாரும் எடுத்துவிடாமல் பார்த்துக்கொண்டு, அவன் திரும்பி வரும்வரை வெஸ்லின் அந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்திருந்தான்.